வகுப்புத் தலைவர் பதவியை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன்

பொங்கல் வாரத்தில் எங்கள் வகுப்புக்கு இந்த ஆண்டின் தலைவரைத் தேர்ந்தெடுத்தார்கள். வெண்பலகையில் மூன்று பெயர்களை எழுதி, ஒவ்வொரு பெயருக்கும் கை தூக்கச் சொல்லி எண்ணினார்கள். என் பெயருக்குத்தான் அதிகக் கைகள் உயர்ந்தன. அடுத்த நாள் காலையில் ஒரு பக்கக் குறிப்பு எழுதி, இந்தப் பொறுப்பை என்னால் ஏற்க முடியாது என்று எங்கள் வகுப்பாசிரியரிடம் கொடுத்துவிட்டேன்.

அப்புறம் பக்கத்து வகுப்புத் தோழி ஒருத்தி வந்து, "நீ என்ன எழுதினே? நானும் அதே மாதிரி சொல்லணும், எப்படிச் சொல்றதுன்னு தெரியலை" என்றாள். அவளுக்குச் சொன்னதையே கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில். தாத்தா காலத்தில் ரப்பர், இப்போது முழுக்கச் செம்பனை. அப்பா குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறார். நான் டவுனில் உள்ள இடைநிலைப்பள்ளியில் படிவம் 5 படிக்கிறேன், அதாவது இது பள்ளி முடிவில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வு ஆண்டு. எங்கள் பள்ளியில் பாடத் தொகுப்பை வைத்து வகுப்பு பிரிக்கிறார்கள். அதனால் அறிவியல் பாடங்களோடு தமிழ்மொழியையும் எடுத்தவர்கள் எல்லாரும் ஒரே வகுப்பில் இருக்கிறோம். தமிழ்மொழிக்கு வரும் டீச்சரே எங்கள் வகுப்பாசிரியரும்கூட. குறிப்பைத் தமிழில் எழுத முடிந்ததற்கு அதுதான் காரணம்.

எனக்குப் பத்துப் பாடங்கள். மலாய்மொழி, ஆங்கிலம், வரலாறு, கணிதம், நன்னெறிக் கல்வி, கூடுதல் கணிதம், இயற்பியல், வேதியியல், உயிரியல், தமிழ்மொழி. இதற்கு மேல் தமிழ் இலக்கியம் பதினொன்றாவது. அது பள்ளிக் கால அட்டவணையில் இல்லை, சனிக்கிழமை காலையில் டீச்சர் தனியாக நேரம் ஒதுக்கி எங்களில் சிலருக்குச் சொல்லித் தருகிறார். எஸ்.பி.எம்.மில் படிவம் 4 பாடமும் சேர்ந்து வரும். வரலாறு மட்டும் எடுத்தால் போன வருடம் 10 அத்தியாயம், இந்த வருடம் 10 அத்தியாயம், மொத்தம் இருபதையும் கையில் வைத்திருக்க வேண்டும். அதனால்தான் படிவம் 4 இரவல் பாடநூல்களையும் தேர்வு முடியும்வரை எங்களிடமே விட்டு வைக்கிறார்கள்.

பாடம் அதிகம் என்பது மட்டும் காரணம் இல்லை. என் வகுப்பில் எல்லாருக்கும் கிட்டத்தட்ட இதே பாடங்கள்தான். "எனக்குப் பத்துப் பாடம் இருக்கு" என்று நான் சொன்னால், "எங்களுக்கும் பத்துதானே" என்று கேட்க அவர்களுக்கு முழு உரிமை இருக்கிறது. அதனால் என் நிலைமையில் எது வேறு என்று யோசித்துப் பார்த்தேன்.

போன வருடம் நான் துணைத் தலைவராக இருந்தேன். அதனால் தலைவர் வேலை என்ன என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஆசிரியர் உள்ளே வரும்போது "பங்குன்" என்று சொல்லி எல்லாரையும் எழுப்பி வணக்கம் சொல்ல வைப்பது அதில் மிகச் சிறிய பகுதி. பெரிய பகுதி, நாங்கள் ரெக்கோட் புக் என்று சொல்லும் வகுப்புப் பதிவேடு. காலையில் அலுவலகத்துக்குப் போய் அதை எடுத்து வர வேண்டும். ஒவ்வொரு பாடவேளையிலும் வரும் ஆசிரியர் அதில் பாடம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். போடாமல் போய்விட்டால் ஓய்வு நேரத்தில் ஆசிரியர் அறைக்குப் போய் அவரைத் தேடிப் பிடிக்க வேண்டும். ஒரு பாடத்துக்கு ஆசிரியர் வரவில்லை என்றால், பத்து நிமிடம் பார்த்துவிட்டுக் கீழே போய்ச் சொல்ல வேண்டும், மாற்று ஆசிரியர் யார் என்று கேட்டு வர வேண்டும். அதோடு பயிற்சிப் புத்தகங்களைச் சேர்த்துக் கொண்டுபோய் வைப்பது, வகுப்புப் பணம் 2 வெள்ளி தராதவர்களிடம் கேட்பது, பெருக்கும் முறைப்படி யார் பெருக்கவில்லை என்று பார்ப்பது, பெற்றோர் கையெழுத்துப் பாரங்களை எண்ணிக் கொடுப்பது.

இதில் எந்த வேலையும் கஷ்டம் இல்லை. ஒரு நாளைக்கு எல்லாம் சேர்த்தால் முக்கால் மணி நேரம் வரும். வீட்டில் ராத்திரி முக்கால் மணி நேரம் குறைத்துக்கொள் என்றால் எப்படியாவது சமாளித்துவிடுவேன். ஆனால் இந்த வேலை ராத்திரி நேரத்தைக் கேட்பதில்லை. ஓய்வு நேரத்தைக் கேட்கிறது, இரண்டு பாடத்துக்கு இடையில் வரும் இடைவெளியைக் கேட்கிறது, மணி அடித்த பிறகு வரும் பத்து நிமிடத்தைக் கேட்கிறது. என்னுடைய பிரச்சினை சரியாக அந்த நேரங்களில்தான் இருக்கிறது.

டவுனில் இருக்கும் தோழிகளுக்கு மாலையில் டியூஷன் உண்டு. சிலர் ஈப்போவுக்கே போய் வருகிறார்கள். எங்கள் தோட்டத்துக்குப் போகும் பள்ளி பஸ் மதியம் ஒரே ஒரு தடவைதான். அதை விட்டால் அப்பா லோரியை நிறுத்திவிட்டு மோட்டாரில் வர வேண்டும். வீட்டில் இணைய லைன் மழை வந்தால் போய்விடும், கேட்டை ஒட்டி நின்றால்தான் ஓரளவு கிடைக்கும். ஆக, ஒரு கணக்குப் புரியவில்லை என்றால் அதைக் கேட்பதற்கு எனக்கு இருக்கும் ஒரே இடம் பள்ளிக்கூடம், ஒரே நேரம் ஓய்வு நேரம். போன வருடம் முழுக்க அந்த ஓய்வு நேரத்தில் நான் ஆசிரியர் அறைக்குப் போனேன், ஆனால் பாதி நாள் கையில் ரெக்கோட் புக்கோடுதான் போனேன். கூடுதல் கணித ஆசிரியர் என் எதிரிலேயே உட்கார்ந்திருப்பார், நான் வேறொரு ஆசிரியரின் கையெழுத்துக்காகக் காத்துக்கொண்டிருப்பேன். மணி அடித்துவிடும்.

கூடுதல் கணிதத்தை மட்டும் எடுத்துச் சொல்கிறேன், ஏனென்றால் என் முடிவை அந்தப் பாடம்தான் தீர்மானித்தது. படிவம் 4-இல் 10 அத்தியாயம், படிவம் 5-இல் 8. எண்ணிக்கையைப் பார்த்தால் இந்த வருடம் குறைவு போலத் தெரியும். ஆனால் படிவம் 5-இல் இரண்டாவது அத்தியாயம் வகையிடல், மூன்றாவது தொகையிடல். எட்டாவதாக வரும் இயக்கவியல் அந்த இரண்டையும் வைத்துத்தான் நிற்கிறது. இடப்பெயர்ச்சியை வகையிட்டால் திசைவேகம், திசைவேகத்தை வகையிட்டால் முடுக்கம், திரும்பி வருவதற்குத் தொகையிடல். ஆண்டுத் தொடக்கத்தில் வகையிடலில் ஒரு சந்தேகத்தைக் கேட்காமல் விட்டால், கடைசி அத்தியாயம் நடக்கும்போது அது முழுசாக வந்து நிற்கும், அந்த நேரம் முன்னோட்டத் தேர்வும் பக்கத்தில் வந்திருக்கும். மனப்பாடப் பகுதி என்றால் ராத்திரி உட்கார்ந்து ஈடுகட்டலாம். இங்கே எந்த வரியில் சறுக்கினேன் என்று தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்து காட்ட வேண்டும். படிவம் 4 ஆண்டிறுதித் தேர்வில் என் மதிப்பெண் எங்கே குறைந்தது என்று விடைத்தாளை எடுத்துப் பார்த்தேன். சூத்திரம் தெரியாமல் விட்ட கேள்வி ஏதும் இல்லை. பாதி வழியில் நின்றுபோன கேள்விகள்தான் நிறைய.

இதை அம்மாவிடம் சொன்னபோது அம்மாவுக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. "புள்ளைங்க எல்லாம் கை தூக்கியிருக்காங்க, வேணாம்னு சொன்னா திமிருன்னு நினைக்க மாட்டாங்களா?" என்று கேட்டார். பெரியம்மா, தலைவர் பதவி சான்றிதழில் வரும், பல்கலைக்கழகத்துக்கு முந்தைய மெட்ரிகுலேஷன் படிப்பில் இடம் கிடைக்க உதவும் என்றார். பெரியம்மா சொன்னதைத் தள்ளிவிட முடியாது. மெட்ரிகுலேஷனுக்கு மாணவர்களைத் தேர்ந்தெடுக்கும்போது புறப்பாட நடவடிக்கைக்கு 10 விழுக்காடு உண்டு. ஆனால் மீதி 90 விழுக்காடு எஸ்.பி.எம். முடிவுதான். புறப்பாடத்துக்கு எனக்கு ஏற்கெனவே சீருடை இயக்கத்தில் செயலாளர் பொறுப்பு இருக்கிறது, அது வாரத்தில் ஒரே மாலை, ஓய்வு நேரத்தைத் தொடாது. அம்மாவின் கேள்விக்குத்தான் பதில் சொல்வது கடினமாக இருந்தது. திமிர் என்று யாரும் நினைக்காதபடி எழுத வேண்டும் என்பதே அந்தக் குறிப்பை எழுதும்போது என் மனத்தில் இருந்த பெரிய கவலை.

எழுதுவதற்கு முன் யாரிடம் முதலில் சொல்வது, எப்போது சொல்வது என்று முடிவு செய்தேன். எங்கள் பள்ளியில் வகுப்பில் பெயர் முடிவானதும் டீச்சர் அதை மாணவர் நலத் துணைத் தலைமையாசிரியருக்கு அனுப்புவார். எல்லா வகுப்புப் பெயர்களும் சேர்ந்த பிறகு நியமனக் கடிதம் அச்சாகும், திங்கட்கிழமை சபைகூடலில் மேடையில் கூப்பிட்டுக் கொடுப்பார்கள். கடிதம் அச்சானதற்கு அப்புறம் சொன்னால் டீச்சர் பட்டியலைத் திருப்பி வாங்கி, மறுபடி தேர்தல் வைத்து, மறுபடி அனுப்ப வேண்டும். அதுவும் எனக்குப் பதிலாக வருபவர் மேடையில் ஏறாமலே பதவிக்கு வந்தவர் ஆகிவிடுவார், அது அவருக்கு நியாயம் இல்லை. பட்டியல் போவதற்கு முன்னால் சொல்லிவிட்டால் யாருக்கும் நஷ்டம் இல்லை. அதனால் ஒரு ராத்திரி மட்டும் எடுத்துக்கொண்டேன்.

வகுப்புத் தோழர்களிடம் சொல்வதற்கு முன் டீச்சரிடம் நேரில் சொன்னேன். எழுதியதைக் கையில் கொடுத்துவிட்டு ஓடிவிடாமல், "டீச்சர், இதை வகுப்பில் வாசிக்கணும், அதுக்கு முன்னாடி நீங்க பார்க்கணும்" என்றேன். டீச்சர் படித்துவிட்டு ஒரே கேள்வி கேட்டார்: "வீட்டில் சொன்னியா, அம்மா?" சொன்னேன் என்றேன். "சரி, தமிழ் வேளையில் வாசி" என்று சொல்லிவிட்டார்.

வாசித்த குறிப்பு இது. பெயர்களை மட்டும் எடுத்துவிட்டேன்.

"அன்புள்ள டீச்சருக்கும் என் வகுப்புத் தோழர் தோழியருக்கும் வணக்கம்.

நேற்று எனக்காகக் கை தூக்கியவர்களுக்கும், என் பெயரை முன்மொழிந்தவருக்கும் என் மனமார்ந்த நன்றி. போன ஆண்டு நான் துணைத் தலைவராக வேலை செய்ததைப் பார்த்துத்தான் நீங்கள் என்னைத் தேர்ந்தெடுத்தீர்கள் என்று எனக்குத் தெரியும். அது எனக்குப் பெரிய மகிழ்ச்சி.

ஆனாலும் இந்த ஆண்டு வகுப்புத் தலைவர் பொறுப்பை என்னால் ஏற்க முடியாது. நான் யோசித்து எடுத்த முடிவு இது. பாடங்களில் எனக்கு இருக்கும் சந்தேகங்களை ஆசிரியர்களிடம் கேட்க ஓய்வு நேரம் ஒன்றுதான் எனக்கு இருக்கிறது. பள்ளி முடிந்ததும் தோட்டத்து பஸ்ஸில் போக வேண்டும், டியூஷன் இல்லை. தலைவரின் வேலையும் அதே ஓய்வு நேரத்தில்தான் வருகிறது. இரண்டையும் செய்யப் பார்த்தால் இரண்டையும் அரைகுறையாகத்தான் செய்வேன். தேர்வு ஆண்டில் இந்த வகுப்புக்கு முழு நேரமும் கவனிக்கிற ஒரு தலைவர் வேண்டும்.

போன ஆண்டு நான் டெங்கி காய்ச்சலில் படுத்திருந்தபோது, எல்லாப் பாடக் குறிப்பையும் படி எடுத்து பஸ்ஸில் கொடுத்து அனுப்பினீர்கள். அதனால்தான் நான் பின்தங்காமல் வந்தேன். அதை நான் மறக்கவில்லை. டீச்சர், பஸ் பழுதான அன்று அப்பா வரும்வரை நீங்கள் வீட்டுக்குப் போகாமல் என்னோடு காத்திருந்தீர்கள். சனிக்கிழமை இலக்கிய வகுப்பையும் எங்களுக்காகத்தான் நடத்துகிறீர்கள். உங்களுக்கும் என் நன்றி.

இரவல் பாடநூல் பட்டியலைப் போன ஆண்டு நான்தான் எழுதினேன். இந்த ஆண்டுப் பட்டியலையும் நானே முடித்து, ஜனவரி கடைசிக்குள் புதிய தலைவரிடம் ஒப்படைக்கிறேன். நீங்கள் யாரைத் தேர்ந்தெடுத்தாலும் என் ஒத்துழைப்பு அவருக்கு உண்டு.

நன்றி."

அவ்வளவுதான். வாசிக்க இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

தோழி கேட்டபோது இதில் நான் எதை வைத்தேன், எதை விட்டேன் என்பதையும் சொன்னேன். "ஏற்க முடியாது" என்பதை இரண்டாம் பத்தியின் முதல் வரியிலேயே சொல்லிவிட்டேன். அதைத் தள்ளிக்கொண்டே போனால் கேட்கிறவர்கள் இது ஏற்புரை என்று நினைத்துக் கைதட்டத் தொடங்குவார்கள், அப்புறம் இல்லை என்று சொல்வது இரண்டு பக்கமும் கஷ்டம். "முடியுமா என்று தெரியவில்லை", "முயற்சி செய்கிறேன்" மாதிரி வரிகளும் இல்லை. அப்படி எழுதினால் என் தோழிகள் நல்ல மனத்தோடு, "முடியும்டி, நாங்க இருக்கோம்" என்று வற்புறுத்துவார்கள், நானும் ஒத்துக்கொள்வேன்.

எனக்குத் தகுதி இல்லை என்றும் எழுதவில்லை. நம் வீடுகளில் பணிவாகச் சொல்வது என்றால் அப்படித்தான் சொல்லப் பழக்கியிருக்கிறார்கள். ஆனால் என்னைத் தகுதியானவள் என்று நினைத்துக் கை தூக்கியவர்களிடம் போய், எனக்குத் தகுதி இல்லை என்று சொன்னால், நீங்கள் தப்பாகத் தேர்ந்தெடுத்தீர்கள் என்று அர்த்தம் ஆகிவிடும். எனக்கு நேரம் இல்லை என்பது உண்மை, அதை மட்டும் சொன்னேன். அதேபோல் பத்துப் பாடத்தையும் பட்டியல் போடவில்லை, கூடுதல் கணித விஷயத்தையும் சொல்லவில்லை. அது இங்கே எழுதலாம். வகுப்பில் அது என்னை மட்டும் பெரிதாகக் காட்டும்.

வேறு ஒருவர் பெயரை நான் சொல்லவில்லை. எண்ணிக்கையில் இரண்டாவதாக வந்த தோழன் நல்ல தலைவராக இருப்பான் என்று எனக்குத் தெரியும். ஆனால் நான் அவன் பெயரைச் சொன்னால், அவன் வகுப்பு தேர்ந்தெடுத்த தலைவனாக இல்லாமல் நான் கைகாட்டிய தலைவனாக ஆகிவிடுவான். வாசிப்பதற்கு முன் காலையில் அவனிடம் தனியாகச் சொல்லி வைத்தேன், அவனும் யோசித்துக்கொள்ள நேரம் வேண்டும் அல்லவா. அவனுக்கும் இது எஸ்.பி.எம். ஆண்டுதான். அவன் வீடு பள்ளிக்குப் பின்னால் நடக்கிற தூரம், மாலையில் பள்ளியிலேயே இருந்து படிக்கிறவன். அந்த ஒரு வித்தியாசம் இல்லாவிட்டால் அவன் தலையில் இதைக் கட்டுவது எனக்கு மனம் ஒப்பியிருக்காது.

நன்றி சொன்ன பகுதியில்தான் அதிக நேரம் எடுத்தது. "எல்லாருக்கும் நன்றி" என்று ஒரு வரியில் முடித்திருக்கலாம். ஆனால் நான் அவர்கள் கேட்டதை மறுக்கிறேன், அவர்கள் எனக்குச் செய்ததையாவது சரியாகச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. டெங்கியில் படுத்தபோது வந்த அந்தக் குறிப்புகள் இன்னும் என்னிடம் இருக்கின்றன. ஆறு பேர் கையெழுத்து அதில் இருக்கிறது. டீச்சர் பஸ் நிறுத்தத்தில் காத்திருந்ததை அவர் யாரிடமும் சொல்லவில்லை, வகுப்புக்கு அது தெரியாது. தெரிய வேண்டும் என்று நினைத்தேன்.

உதவி செய்கிறேன் என்று சொன்னதற்கு எல்லை வைத்ததைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இரண்டு வருடம் முன்னால் எங்கள் லயத்து அக்கா ஒருவர் இதே மாதிரி பதவி வேண்டாம் என்று சொல்லிவிட்டு, "என்ன உதவி வேணும்னாலும் எப்ப வேணும்னாலும் கேளுங்க" என்று சொன்னாராம். பேர் இன்னொருவருக்கு, வேலை முழுக்க அக்காவுக்கு என்று அந்த வருடம் போனது. அதனால் நான் ஒரு வேலையைச் சொன்னேன், அது முடியும் தேதியையும் சொன்னேன். பாடநூல் பட்டியலைத் தேர்ந்தெடுத்ததற்கும் காரணம் உண்டு. ஒவ்வொரு நூலிலும் உள்ள வரிசை எண்ணை மாணவர் பெயருக்கு நேராக எழுத வேண்டும், நூல் கிழிந்திருந்தால் இப்போதே குறிக்க வேண்டும். குறிக்காமல் விட்டால் எஸ்.பி.எம். முடிந்து திருப்பிக் கொடுக்கும்போது அந்த மாணவர்தான் பணம் கட்ட வேண்டி வரும். படிவம் 4 நூல்களும் கையிலேயே இருப்பதால் இந்த வருடம் பட்டியல் இரண்டு மடங்கு. புதிதாக வருபவருக்கு இது குழப்பும், எனக்குப் பழக்கம். பஸ்ஸில் உட்கார்ந்துகூட எழுதலாம், ஓய்வு நேரம் தேவை இல்லை.

வாசித்து முடித்ததும் வகுப்பு கொஞ்சம் பேசாமல் இருந்தது. பின்வரிசையில் இருந்து ஒருவன், "அப்ப ரெக்கோட் புக் யார் எடுப்பா?" என்று கேட்டான். டீச்சர் அதையே பிடித்துக்கொண்டார். தேர்வு ஆண்டில் ஒரே பிள்ளை தினமும் ஆசிரியர் அறைக்கு அலைவது சரியில்லை, பெருக்குவதற்கு முறை வைத்திருப்பது போல இதற்கும் முறை வைப்போம் என்றார். மறுபடி கை தூக்கினார்கள், அந்தத் தோழன் தலைவரானான். பதிவேடு எடுக்கும் வேலையை ஐந்து நாளுக்கு ஐந்து பேர் என்று பிரித்தார்கள். எனக்குப் புதன்கிழமை. அன்று எங்களுக்குக் கூடுதல் கணிதம் இல்லை என்று பார்த்துத்தான் தலைவர் அதைக் கொடுத்தார்.

பட்டியலில் இன்னும் உயிரியல், வேதியியல் நூல்களின் எண்கள் பாக்கி. நான்கு பேர் நூல்களைக் கொண்டுவரவில்லை, நாளைக்குக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.